கடைசி ஆறு பூஜ்யங்கள் யாருடையவை?

பாக்கெட்டைப் பெற்ற கணினியில் பிடித்த ஒரு ஈதர்நெட் பிரேம் இது. இடது ஓரத்தில் இருப்பது ஒவ்வொரு வரியின் தொடக்க இடம். அதுவும் ஹெக்ஸ் எண்தான்.

```
0000  02 1a 4b 00 00 01 02 1a 4b 00 00 02 08 00 45 00
0010  00 28 3c 1d 40 00 40 06 7b 57 c0 a8 01 0a c0 a8
0020  01 01 c8 22 00 50 1a 2b 3c 4d 5e 6f 70 81 50 10
0030  01 f6 3c a7 00 00 00 00 00 00 00 00
```

முதல் ஆறு பைட் பெறுபவரின் மேக் முகவரி, அடுத்த ஆறு அனுப்பியவருடையது. பிறகு வரும் `08 00`, உள்ளே இருப்பது ஐபி பதிப்பு 4 என்கிறது. அங்கே `81 00` இருந்தால் அது விலேன் குறி. பின்னால் உள்ள எல்லாமே நான்கு பைட் தள்ளிப் போயிருக்கும். இதைக் கவனிக்காமல் எண்ணத் தொடங்கினால் போர்ட் எண் என்று எதையோ படித்துக்கொண்டிருப்போம்.

ஐபி ஹெடரின் முதல் பைட் `45`. இதில் இரண்டு செய்திகள் ஒட்டியிருக்கின்றன. 4 என்பது பதிப்பு. 5 என்பது ஹெடரின் நீளம், ஆனால் பைட்டில் அல்ல, நான்கு பைட் கொண்ட துண்டுகளில். ஆகவே 5 × 4 = 20 பைட். ஐபி ஹெடர் எப்போதும் 20 பைட்தான் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் `46` வரும் நாளில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்து `00 28`: ஐபி பாக்கெட்டின் மொத்த நீளம், அதாவது 40 பைட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இன்னும் சற்றுத் தள்ளி இரண்டாவதாக வரும் `40` என்பது டிடிஎல், 64. அதையடுத்த `06` டிசிபியைக் குறிக்கிறது. `11` என்றால் யுடிபி. `c0 a8 01 0a` என்பதைப் பைட் பைட்டாகப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 192.168.1.10, அனுப்பியவர். பெறுபவர் 192.168.1.1.

ஈதர்நெட் ஹெடர் 14, ஐபி ஹெடர் 20: 14 + 20 = 34, ஹெக்ஸில் `22`. டிசிபி அங்கே தொடங்குகிறது. `c8 22` அனுப்பும் போர்ட் 51234, `00 50` பெறும் போர்ட் 80. வரிசை எண்ணுக்கு நான்கு பைட், ஒப்புகை எண்ணுக்கு நான்கு. பிறகு `50`: முன்பு பார்த்த அதே கணக்கு, முதல் பாதியான 5 இங்கேயும் 20 பைட்டைத்தான் சொல்கிறது. `10` என்பது ஏசிகே கொடி மட்டும்.

கடைசியில் தெரியும் எட்டு `00`-இல் முதல் இரண்டு அந்த 20 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஹெடர் முடிந்தபின் ஆறு `00` மிச்சம். பார்த்தவுடன் தரவு என்றே தோன்றும். டிசிபி ஹெடரில் தரவின் நீளம் எங்குமே எழுதப்படுவதில்லை. அந்த 40-இலிருந்து கழித்துத்தான் அறிய வேண்டும். 40 − 20 − 20 = 0. தரவே இல்லை, இது வெறும் ஒப்புகை.

ஈதர்நெட் பிரேம், இறுதியில் வரும் நான்கு பைட் பிழைச்சோதனையைச் சேர்த்து 64 பைட்டுக்குக் குறையக்கூடாது. அந்த நான்கும் பெரும்பாலும் நம் பிடிப்புக்கு வருவதில்லை, மீதி 60. நம்முடையது 54, ஆறு பைட் இட்டு நிரப்பியிருக்கிறார்கள். இதே பாக்கெட்டை அனுப்பிய கணினியிலேயே பிடித்திருந்தால் பெரும்பாலும் அந்த ஆறையும் காண முடியாது, ஏனென்றால் நிரப்பும் வேலை அதற்குப் பிறகு நடக்கிறது. நிரப்பியது பூஜ்யமாகத்தான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம்: சில நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் நினைவகத்தில் கிடந்த பழைய தரவையே அந்த இடத்தில் வைத்து அனுப்பியது 2003-இல் அம்பலமானது.