பட்டர் கேக் 30 ரூபாய் கூடுகிறது, மக்ரூன் கூடவில்லை: என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காமார், அண்ணாச்சிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் 1-ஆம் தேதியிலிருந்து பட்டர் கேக் கிலோ 750-இலிருந்து 780 ரூபாய். பட்டர் பிஸ்கட் கால் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுகிறது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். விஷயம் இவ்வளவுதான், ஆனால் "வெண்ணெய் விலை ஏறிப்போச்சு" என்று எல்லோரும் சொல்கிற ஒரே வரியை நானும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. அந்த வரியை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், நீங்களும் கேட்டுக்கொண்டு கொடுத்துவிடுவீர்கள். அதனால் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

நான் வாங்குகிற உப்பில்லாத வெண்ணெய் அரை கிலோ 270 ரூபாயாக இருந்தது, இப்போது 320. கிலோவுக்கு 100 ரூபாய், அதாவது 18 சதவீதத்துக்கும் மேல். பட்டர் கேக்கில் வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை நான்கும் ஏறக்குறைய சம எடை. அடுப்பில் பத்தில் ஒரு பங்கு ஈரம் ஆவியாகிவிடும் என்பதால், வெந்து ஆறிய ஒரு கிலோ கேக் உங்கள் கைக்கு வர 275 கிராம் வெண்ணெய் போகிறது. முன்பு அதற்கு 148 ரூபாய் ஆனது, இப்போது 176. கூடுதல் 28 ரூபாய், அதைத்தான் 30 ஆக்கியிருக்கிறேன். வெண்ணெய் 18 சதவீதம் ஏறிவிட்டது என்று கேக்கையும் 18 சதவீதம் ஏற்றினால் கிலோ 885 ஆகியிருக்கும். யாராவது அப்படி ஏற்றினால், மீதி 100 ரூபாய் எதற்கு என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பிஸ்கட்டில் வெண்ணெய் இதைவிட அதிகம். மூன்று பங்கு மைதாவுக்கு இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை. முட்டையோ பாலோ கிடையாது, உதிர்கிற பதம் முழுக்க வெண்ணெயால் வருவது. அதனால்தான் எடைக்கு எடை பார்த்தால் பிஸ்கட்தான் அதிகம் ஏறுகிறது. பிளம் கேக்கில் பாதிக்கு மேல் பழமும் முந்திரியும்தான், கிலோவுக்கு 150 கிராம் வெண்ணெய் இருந்தால் அதிகம், அந்த 15 ரூபாயை இப்போதைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன். கேரட் கேக், வாழைப்பழக் கேக் இரண்டும் எண்ணெயில் செய்பவை. தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான், வெண்ணெய் ஒரு துளி கிடையாது. அங்கே விலை ஏற்ற எனக்குக் காரணமே இல்லை.

ஏன் ஏறியது என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோ வெண்ணெய் எடுக்க எருமைப்பால் என்றால் 12 லிட்டர் போல, பசும்பால் என்றால் 20 லிட்டருக்கு மேல் வேண்டும். வெயில் காலத்தில் மாடு கறவை குறையும். குறைந்த பாலில் முதலில் பாக்கெட் பாலுக்குப் போகும், மிஞ்சுகிற கொழுப்புக்குத்தான் வெண்ணெயும் நெய்யும் போட்டி. அல்வாவுக்கு நெய் ஊற்றுகிற ஊரில் இருந்துகொண்டு நெய்யோடு போட்டி போடுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். 2025 செப்டம்பரில் வெண்ணெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதே என்று ஓர் அண்ணாச்சி சரியாகவே கேட்டார். ஆமாம், அதனால்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு முட்டை விலை ஏறியும் கேக் விலையை நான் தொடவில்லை.

சரி, விலை ஏற்றாமல் இருக்க வழி இல்லையா? இருக்கிறது. பாதி வெண்ணெய், பாதி மார்ஜரின். மார்ஜரின் விலை வெண்ணெயில் பாதிகூட வராது, மஞ்சளாக இருக்கும், பட்டர் எசன்ஸ் நாலு சொட்டு விட்டால் வாசமும் வந்துவிடும். நம்ம ஊர் மே மாதத்தில் அது வேலைக்கும் சுலபம். வெண்ணெய் 20 டிகிரி பக்கம் இருந்தால்தான் சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வெளுத்துப் பொங்கும், மதியம் அடுப்பங்கரை மேடையில் கொஞ்ச நேரம் வைத்தாலே பளபளவென்று எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். அதை அடித்து மாவு சேர்த்தால் கேக் நடுவில் அமுங்கி, அடியில் பிசுபிசுப்பாக ஒரு பட்டை விழும். அதற்காகவே விடியற்காலையில் எழுந்து வேலையை முடிக்கிறேன். மார்ஜரினுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.

மார்ஜரின் விஷம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் சட்டம். மார்ஜரின் கேக் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் ஒரு தப்பும் இல்லை. பட்டர் கேக் என்று பெயர் சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

கண்டுபிடிப்பது கொஞ்சம் முடியும். பால் வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும், அதனால் வாயில் தங்காது. பேக்கரி மார்ஜரின் பெரும்பாலும் அதைவிட அதிகச் சூட்டில் உருகுவது, தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல இருக்கும். இன்னொன்று ஃபிரிட்ஜ். "என்னக்கா, ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சேன், கல்லு மாதிரி ஆயிட்டே" என்று போன் செய்பவர்கள் உண்டு. வெண்ணெய் இறுகினால் கேக்கும் இறுகும், வெளியே எடுத்து அரை மணி நேரம் விட்டால் பழையபடி ஆகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பஞ்சுபோல இருக்கிற பட்டர் கேக்கைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆனால் பாதிப் பாதி கலந்ததை நாக்கை வைத்து உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது. செய்கிறவரிடம் வெண்ணெய் பாக்கெட்டைக் காட்டச் சொல்லி, அதில் "எடிபிள் வெஜிடபிள் ஃபேட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொரு யோசனையும் வந்தது, பால்காரரிடம் கிலோ 560-க்கு வீட்டு வெண்ணெய் கிடைக்கிறதே, அதைப் போடுங்களேன் என்று. வாங்கி 100 கிராமை உருக்கிப் பார்த்தேன். நெய்யாக 70 கிராம் வந்தது, மிச்சமெல்லாம் தண்ணீரும் மோரும். என் பாக்கெட் வெண்ணெயில் 80 கிராம் வருகிறது. 560-ஐ 70 சதவீதத்துக்கும், 640-ஐ 80 சதவீதத்துக்கும் வகுத்துப் பாருங்கள், இரண்டும் கொழுப்புக்குக் கிலோ 800 ரூபாய்தான். இதில் மலிவு எங்கே இருக்கிறது? தண்ணீர் அளவு ஒவ்வொரு வாரமும் மாறினால் கேக்கின் பதமும் மாறும், லேசான புளிப்பு வேறு ஏறும். அந்த வெண்ணெய் தோசைக்கு அருமையாக இருந்தது, அது வேறு கதை.

எடையையும் குறைக்கவில்லை. பெட்டியில் கிலோ என்று எழுதியிருந்தால் கிலோ, வந்து தராசில் வைத்துக் காட்டச் சொல்லலாம். அரை கிலோ பாக்கெட் 290-க்குக் கீழே இறங்கினால் பட்டர் கேக்கில் 20 ரூபாயைக் குறைத்துவிடுகிறேன், வெண்ணெய் பில்லை வாசலிலேயே ஒட்டி வைக்கிறேன். பாளையங்கோட்டைக்கும் பெருமாள்புரத்துக்கும் டெலிவரி எப்போதும்போல, வண்ணார்பேட்டைக்காரர்கள் மட்டும் வெயிலுக்கு முன்னால், காலை 9 மணிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.