புத்தகம் அலமாரியில் இருக்கிறது, தேடினால் வரவில்லை

சென்ற ஆண்டு தோ பாயோவிலிருந்து ஓர் எழுத்தாளர் என்னைப் பார்க்க வந்தார். எழுபதைத் தாண்டியவர். சொந்தச் செலவில் ஒரு சிறுகதைத் தொகுப்பு அச்சிட்டு, ஒரு கல்வி நிலையத்தின் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி அந்த நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பார்த்திருக்கிறாள். எதுவும் வரவில்லை.

“வாங்கி வச்சுக்கிட்டு ஓரமாப் போட்டுட்டாங்களாம்மா?” என்று கேட்டார். குரலில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

நூல்களைப் பட்டியலிடுவது என் தொழில். இப்படி ஒரு புகார் வந்தால் நான் முதலில் தலைப்பைத் தேடுவதில்லை. பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டிப் பார்ப்பேன். எண்ணில் எழுத்துக்கூட்டல் குழப்பம் கிடையாது. எண்ணுக்கும் ஒன்றும் வரவில்லையென்றால் புத்தகம் இன்னும் பதிவாகாமல் இருக்கலாம். எண்ணுக்கு வந்து தலைப்புக்கு வரவில்லையென்றால் புத்தகம் பத்திரமாக இருக்கிறது, தலைப்பு பதிவான விதத்தில்தான் சிக்கல். அன்று எண்ணைத் தட்டியதும் பதிவு வந்துவிட்டது. பிரதி அலமாரியில் இருப்பதாகவும் காட்டியது.

“நீ என்னம்மா தட்டினே?” என்று கூடவே வந்திருந்த பேத்தியைக் கேட்டேன். அவள் தட்டியது இது: aatrangarai sirukathaigal. (அவருடைய உண்மையான தலைப்பை இங்கே தரவில்லை. அதே சிக்கல்கள் உள்ள இன்னொரு தலைப்பை, ‘ஆற்றங்கரைச் சிறுகதைகள்’ என்று வைத்துக்கொள்கிறேன்.) நூலகப் பதிவில் ரோமன் எழுத்தில் இருந்தது வேறு:

```
Āṟṟaṅkaraic ciṟukataikaḷ
```

இது பிழை இல்லை. அமெரிக்க நூலகச் சங்கமும் அமெரிக்க காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த எழுத்துப்பெயர்ப்பு அட்டவணைப்படி முற்றிலும் சரி. உலகின் பல நூலகங்கள் பின்பற்றுவது அந்த அட்டவணையைத்தான். அது நம் ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. க எங்கே வந்தாலும் k, ச எங்கே வந்தாலும் c, த எங்கே வந்தாலும் t. ‘கதைகள்’ என்பதில் நம் வாய் ‘கதைஹள்’ என்றோ ‘கதைgaள்’ என்றோ சொன்னாலும் அட்டவணைக்கு அது kataikaḷ தான். ற என்றால் ṟ, ள என்றால் ḷ, ழ என்றால் ḻ, நெடில் என்றால் மேலே ஒரு கோடு.

தேடுபொறி அடுத்து செய்வதுதான் நம்மைக் கவிழ்க்கிறது. யாரும் விசைப்பலகையில் புள்ளியும் கோடும் போட்டுத் தேடமாட்டார்கள் என்பதால், பெரும்பாலான நூலகப் பட்டியல்கள் அந்தக் குறிகளை உதிர்த்துவிட்டு ஒப்பிடுகின்றன. உதிர்த்தபின் மிஞ்சுவது arrankaraic cirukataikal. இதையும் பேத்தி தட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சொற்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவள் ற்றவுக்கு tr போட்டாள், பதிவில் rr. அவள் சவுக்கு s, பதிவில் c. தமிழ் தெரிந்த, தமிழ் படிக்கிற ஒரு பிள்ளை, தன் தாத்தாவின் புத்தகத்தைச் சரியாக உச்சரித்துத் தட்டியும் தோற்றுப்போனாள்.

சிங்கப்பூரில் இது வேறு இடங்களை விட அதிகம் வலிக்கிறது. இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடமொழி ஆங்கிலம், தமிழ் தாய்மொழிப் பாடம். தேடல் பெட்டியைத் திறந்ததும் கை ஆங்கில விசைப்பலகைக்குத்தான் போகிறது. அதோடு நாம் தினமும் பார்க்கும் ரோமன் வடிவங்கள் எல்லாம் ஒலியை ஒட்டியவை. 1935 முதல் வெளிவரும் நாளிதழை Tamil Murasu என்று அறிவோம், அட்டவணைப்படி அது Tamiḻ muracu. பொது விடுமுறைப் பட்டியலில் Deepavali என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு Tīpāvaḷi என்ற வடிவம் தோன்றவே தோன்றாது. பொங்கல் அட்டவணையில் Poṅkal, குறி உதிர்ந்தால் ponkal. தைப்பூசம் taippucam. அந்த வடிவத்தில் அதை எழுதிய தமிழரை நான் நூலக வேலைக்கு வெளியே பார்த்ததில்லை.

அப்படியானால் அந்த அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பேன். அட்டவணைப்படி எழுதிய ரோமன் வடிவிலிருந்து மூலத் தமிழுக்குத் திரும்பிப் போகலாம். குறிகள் முழுதாக இருக்கும்வரை pālam என்பது பாலம்தான், palam என்பது பலம்தான், paḻam என்பது பழம்தான். நாம் கைப்பேசியில் தட்டும் முறையில் அந்த உறுதி இல்லை. malai என்று ஒருவர் தட்டினால் மலையா, மாலையா, மழையா என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். பழைய நூலகக் கணினிகள் பயன்படுத்திய எழுத்துக் குறியீட்டில் சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு, ஹீப்ரு போன்றவற்றுக்கு இடம் இருந்தது, தமிழுக்கு இல்லை. அதனால் பல ஆண்டுகள் தமிழ் நூல்களுக்கு ரோமன் பதிவு மட்டுமே இருந்தது. அவற்றில் குறிகள் பிழைத்திருக்கும் பதிவுகளுக்கு இன்று ஒரு நிரல் எழுதித் தமிழ் எழுத்தை மீட்டுவிடலாம். இடையில் ஏதோ ஒரு கணினி மாற்றத்தில் குறிகள் உதிர்ந்து போனவற்றுக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

“அப்ப தமிழ்லயே தேடியிருக்கலாமே?” என்று எழுத்தாளர் கேட்டார். தேடினோம். பதிவில் தமிழ் எழுத்துத் தலைப்பும் இருந்தது. பேத்தி தமிழ் விசைப்பலகைக்கு மாறி ‘ஆற்றங்கரை’ என்று மட்டும் தட்டினாள். வரவில்லை. எனக்கு வியப்பில்லை, ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. தலைப்பில் இருப்பது ‘ஆற்றங்கரைச்’. அந்த ஒற்று முதல் சொல்லோடு ஒட்டியிருக்கிறது. முழுச்சொல்லாக ஒப்பிடும் தேடுபொறிக்கு ‘ஆற்றங்கரை’யும் ‘ஆற்றங்கரைச்’சும் வெவ்வேறு சொற்கள். அதேபோல் ‘சிறுகதை’ என்று தட்டினால் ‘சிறுகதைகள்’ வராது. ஆங்கிலத்தில் ஒருமையையும் பன்மையையும் சேர்த்துத் தேடித்தரும் வசதி பல நூலகப் பட்டியல்களில் உண்டு. தமிழுக்கு அதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். சொல்லின் கடைசியில் நட்சத்திரக்குறி போட்டு, ‘ஆற்றங்கரை*’ என்று தேடியதும் புத்தகம் வந்துவிட்டது. நட்சத்திரம் போடத் தெரிந்த வாசகர் எத்தனை பேர்?

தமிழ் எழுத்தில் இன்னொரு பள்ளம், கண்ணுக்கே தெரியாதது. தலைப்பில் ‘கௌரி’ என்று ஒரு பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்துப் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருப்பார். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு:

```
கௌ = U+0B95 U+0BCC
கெள = U+0B95 U+0BC6 U+0BB3
```

‘கொ’ போன்றவற்றில் இப்படி இரண்டு வழியில் எழுதினாலும் யூனிகோட் விதிகள் அவற்றைச் சமமாக எடுத்துக்கொள்ளும். கௌ விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் ள என்பது தனி எழுத்து. பதிப்பகத்திலிருந்து வரும் மின்கோப்பிலிருந்து தலைப்பை அப்படியே வெட்டி ஒட்டினால் இந்தப் பிழையும் கூடவே பதிவுக்குள் வந்து குடியேறும். ஔகாரம் உள்ள தலைப்பு என்றால் நான் ஒட்டுவதே இல்லை, கையால் அடிக்கிறேன். கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு: அந்த எழுத்துக்குப் பின் சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துங்கள். ‘கெ’ மிஞ்சினால் அங்கே இருந்தது ளகரம்.

இனி அந்தப் பதிவை எப்படிச் சரிசெய்வது என்பதற்கு வருகிறேன். நூலகப் பதிவில் முதன்மைத் தலைப்புக்கு 245 என்று ஒரு புலம். அதன் தமிழ் எழுத்து வடிவம் 880 என்ற இணைப் புலத்தில் வரும். இந்த இரண்டும் அவர் நூலுக்கு ஏற்கெனவே இருந்தன. வாசகர் வேறு எப்படியெல்லாம் தேடக்கூடும் என்பதற்காகவே 246 என்று ஒரு மாற்றுத் தலைப்புப் புலம் உண்டு. அதுதான் காலியாக இருந்தது. அந்த நூலகத்துக்கு நான் எழுதி அனுப்பிய திருத்தம், சுருக்கமாக:

```
245 10 $6 880-01 $a Āṟṟaṅkaraic ciṟukataikaḷ
880 10 $6 245-01 $a ஆற்றங்கரைச் சிறுகதைகள்
246 3# $a Aatrangarai Sirukathaigal
246 3# $a ஆற்றங்கரை சிறுகதைகள்
```

கடைசி வரியில் ஒற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அது வாசகர் கண்ணில் படும் தலைப்பு இல்லை, தேடலுக்கான கைப்பிடி மட்டுமே. அட்டையிலும் பதிவின் தலைப்பிலும் ஒற்று இருந்தே தீரவேண்டும்.

மூன்றாவது வரியில்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. Aatrangarai என்பதா, Atrankarai என்பதா? Sirukathaigal என்பதா, Sirukadhaigal என்பதா? ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கைந்து வடிவம் சாத்தியம். எல்லாவற்றையும் பதிவில் திணிக்க முடியாது, பட்டியலாளர் தம் விருப்பப்படி ஒன்றைக் கற்பனை செய்வதும் முறையல்ல. புத்தகத்திலேயே ஒரு வடிவம் அச்சாகியிருந்தால் இந்தத் தயக்கமே இல்லை. பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் போதும், அதை மாற்றுத் தலைப்பாகச் சேர்க்க எங்களுக்கு நியாயமான ஆதாரம் கிடைத்துவிடும். அவர் புத்தகத்தில் அந்த வரி இல்லை. வெளியீட்டு விழா அழைப்பிதழில் ஒரு வடிவம், முகநூல் பதிவில் இன்னொன்று, ஐஎஸ்பிஎன் விண்ணப்பத்தில் மூன்றாவது. விண்ணப்பத்தை அச்சகத்துப் பையன் நிரப்பியதாகச் சொன்னார்.

எழுத்தாளர்களுக்கும் வெளியீடு நடத்தும் அமைப்புகளுக்கும் நான் விடுக்கும் ஒரே வேண்டுகோள் இதுதான். தலைப்பை அட்டையில் தமிழில் மட்டும் போடுங்கள், ரோமனில் போடவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதன் ரோமன் வடிவம் ஒன்றை நீங்களே தீர்மானித்து உள்ளே அச்சிடுங்கள். தீர்மானிக்கும் முன் தமிழ் படிக்கும் நான்கு பிள்ளைகளிடம் தலைப்பை வாய்விட்டுச் சொல்லி, கைப்பேசியில் தட்டச் சொல்லுங்கள். அதிகம் பேர் தட்டுவது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம், அழைப்பிதழ், கடைப்பட்டியல் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் பயன்படுத்துங்கள். கூகுள் போன்ற பொதுத் தேடுபொறிகள் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளும். நூலகப் பட்டியலும் புத்தகக்கடைப் பட்டியலும் பெரும்பாலும் தாங்காது.

அன்று என் முன்னாலேயே தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கதைக்கு dh தான் வேண்டும், th போட்டால் ‘கத்தை’ ஆகிவிடும் என்றார் அவர். வகுப்பில் எல்லாரும் th தான் போடுவார்கள் என்றாள் அவள். கடைசியில் “தேடப்போறது நீங்கதானே” என்று சொல்லிவிட்டு, தாத்தா தம் பிரதியின் பதிப்புரிமைப் பக்கத்தில் பேனாவால் Sirukathaigal என்று எழுதிக்கொண்டார், இரண்டாம் பதிப்புக்காக.