ஓராண்டுப் பிரீமியம் மாதந்தோறும் செலவாக மாறும் விதம்

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்திலுள்ள 64விபி பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வராமல் இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இடரை ஏற்க முடியாது. ஆகவே, ஆண்டுப் பாலிசி எடுக்கும் வணிகர் முழுத் தொகையையும் முதலிலேயே கட்டிவிடுகிறார். பாதுகாப்போ ஒவ்வொரு நாளாகத்தான் அவருக்குக் கிடைக்கிறது. பணம் போன நாளுக்கும் பயன் கிடைக்கும் நாள்களுக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் முன்கூட்டிச் செலுத்திய செலவு என்னும் கணக்கு தாங்கி நிற்கிறது.

ஒரு பஞ்சுக் கிடங்கின் தீ விபத்துப் பாலிசி 2024 அக்டோபர் 10 முதல் 2025 அக்டோபர் 9 வரை நடப்பில் இருப்பதாகக் கொள்வோம். பிரீமியம் 73,000 ரூபாய்; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 13,140 ரூபாய். பாலிசி கிடங்குக்காரரின் தொழிலுக்கானது என்பதால், உள்ளீட்டு வரி வரவு பெற அவர் தகுதியுடையவர் என்றால், வரித்தொகை தனிக் கணக்கில் போய்விடும். 73,000 ரூபாய் மட்டுமே முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, சொத்தாக நிற்கும். பாலிசியை இடையில் ரத்து செய்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கக்கூடும் என்பதை நினைத்தால், அதைச் சொத்து என்பது வெறும் ஏட்டுச் சம்பிரதாயம் அல்ல என்பது புரியும்.

பாலிசிக் காலம் 365 நாள் என்பதால் நாளொன்றுக்கு 200 ரூபாய் விழுகிறது. அக்டோபரில் 22 நாளுக்கு 4,400 ரூபாய், நவம்பரில் 6,000 ரூபாய் என்று ஒவ்வொரு மாத இறுதியிலும் காப்பீட்டுச் செலவைப் பற்று வைத்து, முன்கூட்டிச் செலுத்திய கணக்கை வரவு வைக்க வேண்டும். மார்ச் 31 அன்று 173 நாள் கடந்து, 34,600 ரூபாய் இலாப நட்டக் கணக்குக்குப் போயிருக்கும். மீதி 192 நாளுக்குரிய 38,400 ரூபாய் இருப்புநிலைக் குறிப்பில் நடப்புச் சொத்தாக அடுத்த ஆண்டுக்குச் செல்லும்.

பலர் 73,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து, அக்டோபரையும் முழு மாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மார்ச் முடிய 36,500 ரூபாய் செலவாகிவிடும். 1,900 ரூபாய் வேறுபாடு இவ்வளவு சிறிய பாலிசியில் பெரிதல்ல என்று விட்டுவிடலாம். ஆனால் பாலிசி தொடங்கும் நாளைப் பார்க்காமல், பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிடுவதை அப்படி விட முடியாது. செப்டம்பர் 20 அன்றே பணம் கட்டியிருந்தாலும், செப்டம்பருக்குச் செலவு என்று ஒரு ரூபாயும் எழுதக்கூடாது.

கணக்குச் சரியா என்று பார்க்கப் பேரேடே போதும். எந்த மாத இறுதியிலும் நிற்கும் இருப்பு, மீதமுள்ள நாள்களை 200 ஆல் பெருக்கிய தொகையாக இருக்க வேண்டும். மாதந்தோறும் நாளுக்கு 200 ரூபாய் வீதமே கழித்தும், 2025 அக்டோபர் 9 கடந்த பிறகு அங்கே 13,140 ரூபாய் நிற்குமானால், வரித்தொகையை யாரோ பிரீமியத்தோடு சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள்.