பேக்போர்ட்: பின்துறைமுகம் இல்லீங்க, ஒட்டு

எங்க பெங்களூரு ஆபீஸ்ல பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம், திருப்பூர் பக்கம் நெறைய கஸ்டமர். அவங்களுக்காக ரிலீஸ் நோட்ஸ தமிழ்ல போடலாம்னு முடிவாச்சு. யாரோ டிக்ஷனரிய வச்சிக்கிட்டு ஒக்காந்து பேக்போர்ட்ங்குற சொல்லுக்கு "பின்துறைமுகம்"னு எழுதி அனுப்பிட்டாங்க. திருப்பூர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணி "தம்பி, தூத்துக்குடிக்கு எதுவும் அனுப்புறீங்களா?"ன்னு கேட்டார். அன்னைக்கு ராத்திரிதான் இந்தச் சொல்ல உருப்படியா பாக்க ஆரம்பிச்சேன்.

இங்க வர்ற போர்ட் துறைமுகம் இல்ல. லத்தீன்ல போர்ட்டாரேன்னா சுமந்துட்டுப் போறது, ரயில்வே ஸ்டேஷன் போர்ட்டர் அந்த வேர்ல வந்தவர்தான். ஒரு மெஷினுக்கு எழுதின புரோகிராம இன்னொரு மெஷின்ல ஓடுற மாதிரி மாத்திக் கொண்டுபோறதுக்கு போர்ட்டிங்னு பேர் வந்துச்சு. அதே வேலைய புது வெர்ஷன்ல இருந்து பழைய வெர்ஷனுக்குச் செஞ்சா பேக்போர்ட்.

பக்கத்துல இருக்குற மத்த ரெண்டு சொல்லையும் சீக்கிரம் முடிச்சிடுறேன். ரிலீஸ் பிராஞ்ச்னா வெளியீட்டுக் கிளை. 4.2 வெர்ஷன் வெளிய போற நாள்ல, புது வேலையெல்லாம் சேர்ற மெயின் கிளையில இருந்து ஒரு கிளை பிரிச்சு, அதுல புதுசா எதுவும் சேக்காம கோளாறு மட்டும் சரிபண்ணிட்டு இருப்போம், கிளைங்குற சொல் எல்லாருக்கும் பழகிடுச்சு, அத விட்டுடலாம். ஹாட்ஃபிக்ஸ்ல இருக்குற ஹாட்டுக்கு ஓடிட்டு இருக்குற சிஸ்டம்ல நிறுத்தாம கைவைக்கிறதுன்னு அர்த்தம், இப்போ அந்த அர்த்தம் தேஞ்சு அடுத்த ரிலீஸ் வரைக்கும் பொறுக்க முடியாத எல்லாத் திருத்தத்துக்கும் அதே பேர்தான். "சுடுதிருத்தம்"னு எங்கயோ பாத்தேன், சுடச்சுட இட்லி மாதிரி இருக்கு. அவசரத் திருத்தம் போதும்.

பேக்போர்ட்தான் சிக்கல். "பின்னேற்றம்", "பின்பெயர்ப்பு"ன்னு நானே ரெண்டு செஞ்சு பாத்தேன், ரெண்டும் தப்பா நிக்குது. ஏன்னா இங்கிலீஷ்ல பேக்னா பழைய காலம், தமிழ்ல பின்னு சொன்னா நமக்கு அடுத்து வர்றதுதான் ஞாபகம் வரும்: பின்னாடி பாத்துக்கலாம், பின்னாளில், பின்குறிப்பு. பழசுக்கு நாம முன்னாள், முன்னோர், முன்னொரு காலத்துலன்னுதான் சொல்றோம். பின்னேற்றம்னு படிக்கிறவர் "அப்புறமா ஏத்துவாங்க போல"ன்னு நெனச்சா அது அவர் தப்பு இல்ல.

விடை கெடச்சது மாரத்தஹள்ளி டீக்கடையில. டீம்ல ஒரு கிருஷ்ணகிரிக்காரர், அவங்க அப்பா மாஞ்செடிக்கு ஒட்டுக்கட்டுறவர். நான் புலம்பிட்டு இருந்தேன், அவர் கிளாஸ கீழ வச்சிட்டு "அண்ணே, இது ஒட்டு தானே"ன்னார். பழைய மாமரம், வேர் நல்லா இருக்கு, காய் மட்டும் சரியில்ல, மரத்த வெட்டிப் போட மாட்டாங்க. கிளைய வெட்டி விட்டுட்டு அதுல துளிர்க்கிற தளிர்ல நல்ல ரகத்தோட குச்சிய சீவி சொருகி பாலிதீன் நாடால இறுக்கிக் கட்டுவாங்க. மரம் பழசு, குச்சி மட்டும் புதுசு. இதுல இன்னொரு அழகு, கிழிஞ்ச துணிக்குப் போடுறதும் ஒட்டுதான், அதாவது பேட்ச். இங்கிலீஷ்ல ரெண்டு சொல்லா இருக்குறது தமிழ்ல ஒரே சொல்லுக்குள்ள கெடக்கு. கிளையும் ஏற்கனவே நம்மகிட்ட இருக்கா, பழங்கிளை ஒட்டுன்னு வச்சிக்கிட்டோம், பேச்சுல வெறும் ஒட்டு.

இந்தச் சொல் எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம் வேலையில நடக்குற தப்பையும் அது காட்டுது. எங்ககிட்ட நடந்தத சொல்றேன். பில் தொகைக்கும் கட்டுன பணத்துக்கும் ரவுண்டிங்ல சில பைசா இடிச்சு, முழுசா கட்டுன பில்கூட பாக்கின்னு காட்டிட்டு இருந்துச்சு. மெயின்ல, அதாவது அடுத்து 5.1-ஆ போகப்போற கோட்ல, ஒரே வரியில சரி பண்ணினோம், ஒரு ரூபா வரைக்கும் வித்தியாசம் இருந்தா விட்டுடுன்னு:

```
- if (due == 0) markPaid(bill);
+ if (due <= 100) markPaid(bill);
```

அங்க தொகையெல்லாம் பைசாவுல இருக்கும், 100ன்னா ஒரு ரூபா. 4.2-லயும் அதே கோளாறு இருக்கு, அந்த வெர்ஷனுக்கு இன்னும் சப்போர்ட் இருக்கு, சரின்னு அந்தக் கமிட்ட அப்படியே 4.2 கிளைக்கு எடுத்தோம்:

```
git switch release-4.2
git cherry-pick -x 9f3c1ab
```

ஒரு கான்ஃபிளிக்ட்கூட வரல. பில்ட் பாஸ், டெஸ்ட் பாஸ். ஆனா 4.2-ல தொகை ரூபாயில இருக்கு, பைசாவுக்கு மாத்தினது 5.0-லதான். அதனால அங்க அதே 100ன்னா நூறு ரூபா. அதே திருப்பூர்க்காரர்தான் கண்டுபிடிச்சார், 86 ரூபா பாக்கி இருக்குற பில்ல பணம் வந்தாச்சுன்னு காட்டுது தம்பின்னு. 4.2-ல `due <= 1`ன்னு இருந்திருக்கணும்.

கிட் சுத்தி இருக்குற வரிங்க பொருந்துதான்னு மட்டும்தான் பாக்கும், அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு அதுக்குத் தெரியாது. கான்ஃபிளிக்ட் வந்தா பரவால்ல, அங்க ஒரு மனுஷன் ஒக்காந்து பாப்பான், பயப்பட வேண்டியது வழுக்கிட்டு உள்ள போறதுக்குத்தான். டெஸ்ட் ஏன் பிடிக்கலன்னா, மெயின்ல டெஸ்ட்ட தனி கமிட்டா போட்டிருந்தோம், திருத்தம் மட்டும் வந்துச்சு, டெஸ்ட் வரல. இப்பல்லாம் திருத்தமும் டெஸ்ட்டும் ஒரே கமிட்தான். அதோட ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட்ட மட்டும் பழைய கிளையில ஓடவிட்டு அது விழுதான்னு பாப்போம், விழலன்னா அந்தக் கோளாறு அங்க இல்ல, இல்லன்னா வேற ரூபத்துல இருக்குன்னு அர்த்தம்.

`-x` போட்டா கமிட் மெசேஜ் கடைசியில எந்த கமிட்ல இருந்து எடுத்ததுன்னு ஒரு வரி விழும், தாய்மரம் எதுன்னு சீட்டு கட்டுற மாதிரி. அவசரத் திருத்தத்துல தெசை தலைகீழ். ராத்திரி நேரா 4.2-லயே கைவச்சிட்டு மெயினுக்குக் கொண்டுபோக மறந்துட்டா, கஸ்டமர் அடுத்த வெர்ஷனுக்கு மாறின அன்னைக்கு அதே கோளாறு உயிரோட எந்திரிச்சு வரும். `git cherry -v main release-4.2` அடிச்சா மெயின்ல இல்லாத கமிட்டுக்கு முன்னாடி + போட்டுக் காட்டும். ஆனா கையால மாத்தி ஒட்டுனதுக்கும் + தான் காட்டும், மாத்தம் ஒண்ணா இல்லையே, அதனால ஒவ்வொண்ணா பாத்துத்தான் ஆகணும்.

ஒட்டு போட்டா மரத்தோட பேர் மாறாது, இதுலதான் வெளிய இருக்குறவங்க கொழம்புவாங்க. 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தப்போ ஓப்பன்எஸ்எஸ்எல்காரங்க 1.0.1g-ல சரிபண்ணி வெளியிட்டாங்க, 1.0.1f வரைக்கும் ஆபத்துன்னு எல்லா எடத்துலயும் செய்தி. ஆனா ரெட் ஹேட் தன்னோட என்டர்பிரைஸ் லினக்ஸ் 6.5-ல இருந்த பழைய 1.0.1e மேலயே அந்தத் திருத்தத்த ஒட்டி `openssl-1.0.1e-16.el6_5.7`னு அனுப்புச்சு. முன்பக்க நம்பர மட்டும் படிச்சா ஓட்டை இருக்குன்னுதான் தோணும், கடைசியில இருக்குற .7-லதான் சங்கதியே. இப்படித்தான் பாக்கணும்:

```
rpm -q --changelog openssl | grep CVE-2014-0160
```

வரி வந்தா ஒட்டு போட்டாச்சு.

எங்க ரிலீஸ் நோட்ஸ்ல இப்போ "5.1-ல் செய்த திருத்தம் 4.2-இல் ஒட்டப்பட்டது"ன்னு போடுறோம். திருப்பூர்ல இருந்து போன் வந்துச்சு. ஒட்டுன்னா என்னன்னு அவர் கேக்கல, "அந்த 86 ரூபா வந்துடுச்சா இதுல?"ன்னுதான் கேட்டார்.