எண்ணெய் மிதக்கிறது என்றதும் மருந்து அடிக்கச் சொல்பவர்களுக்கு

அண்மையில் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சிறிய துறைமுகத்தில், படகுக்கு எரிபொருள் நிரப்பும்போது குழாய் கழன்று, சில பீப்பாய் அளவு எண்ணெய் நீரில் கொட்டிவிட்டது. காற்று அதைப் படகுத்துறையின் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தது. நீரின் மேல் மிதக்கும் எண்ணெயை அள்ளும் ஸ்கிம்மர் என்ற இயந்திரம் ஒன்றும் இரண்டு மணி நேரமும் இருந்தால் பெரும்பகுதியை அள்ளிவிடலாம் என்ற நிலைமை. எண்ணெய் அகற்றும் எங்கள் குழு போய்ச் சேர்வதற்குள், தளத்தைக் கழுவ வைத்திருந்த சோப்புக் கரைசலை யாரோ நல்ல எண்ணத்துடன் பீப்பாயோடு அதன் மேல் ஊற்றியிருந்தார்கள். மேலே நுரை, கீழே பால் கலந்ததுபோல் கலங்கிய நீர். எங்கள் ஸ்கிம்மரின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது, அதில் எண்ணெய் ஒட்டவே இல்லை. “போயிடுச்சு பாருங்க சார்” என்றார் ஒருவர், பெருமிதத்துடன்.

எண்ணெய் போகவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை விளக்கத்தான் இக்கட்டுரை. இதே வேலையை இதே மகிழ்ச்சியோடு செய்த இடங்களை நான் எண்ணுவதை நிறுத்தி வெகு நாளாகிறது.

‘மருந்து’ என்று மிதக்கும் எண்ணெயின் மேல் அடிக்கும் டிஸ்பர்சன்ட், அதாவது சிதறடிப்பான், எண்ணெயை அழிப்பதில்லை, கரைப்பதில்லை, கடலடியில் அமிழ்த்துவதும் இல்லை. மேற்பரப்பில் கம்பளம்போல் விரிந்திருக்கும் எண்ணெயை அலைகள் எளிதில் உடைக்கும்படி செய்வது மட்டுமே அதன் வேலை. உடைந்த துளிகள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவையாக இருந்தால் அவை மீண்டும் மேலே எழாமல் நீரில் தொங்கி நிற்கும். அந்த நிலையில் கடல் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிறிது சிறிதாகத் தின்னும். அதற்கு நாள்களும் வாரங்களும் ஆகும். அதுவரை அந்த எண்ணெய் முழுவதும் நீருக்குள்தான் இருக்கிறது. முன்பு பறவையின் இறகிலும் கரை மணலிலும் ஒட்டவிருந்தது, இப்போது மீன் முட்டையையும் இறால் குஞ்சையும் தொடுகிறது. யார் அந்தச் சுமையைத் தாங்குவது என்பதை மாற்றுகிறோம், சுமையை இறக்கி வைப்பதில்லை.

அதற்காக, டிஸ்பர்சன்ட் தவறான கருவி என்று நான் சொல்லவில்லை. ஆழமான திறந்த கடலில், கொட்டி அதிக நேரம் ஆகாத இலேசான கச்சா எண்ணெயின் மேல், அலையும் இருக்கும்போது அடித்தால், துளிகள் பெரும் நீர்ப்பரப்பில் கலந்து விரைவில் செறிவு குறையும். கரையில் ஆமைகள் முட்டையிடும் மணலோ அலையாத்திக் காடோ இருந்தால், அந்தப் பேரம் செய்யத் தக்கதே. 1996ஆம் ஆண்டு வேல்ஸ் கரையில் ‘சீ எம்ப்ரெஸ்’ கப்பலிலிருந்து ஏறத்தாழ 72,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியபோது, கரையிலிருந்து விலகி விமானங்கள் தெளித்த 446 டன் டிஸ்பர்சன்ட், கரைக்கு வந்திருக்கக்கூடிய எண்ணெயில் கணிசமான பகுதியைக் கடலிலேயே சிதறடித்தது. அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன், 1967இல் ‘டோரி கேன்யன்’ கப்பல் கார்ன்வால் அருகே பாறையில் மோதியபோது, தொழிற்சாலைத் தளங்களைக் கழுவும் கரைசல்களை ஆயிரக்கணக்கான டன் அளவில், கரைப் பாறைகளின் மேலேயே கொட்டினார்கள். எண்ணெய் மட்டும் பட்ட பாறைகளில் சில ஆண்டுகளில் உயிர்கள் திரும்பின. கரைசல் கனமாகப் பட்ட பாறைகள் பழைய நிலைக்கு வரப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. இன்றைய டிஸ்பர்சன்ட்கள் அவற்றைவிட நச்சு குறைந்தவை என்பது உண்மை. ஆனால் படகுத்துறையில் ஊற்றப்படுவது பெரும்பாலும் இன்றைய டிஸ்பர்சன்ட் அல்ல, அந்தக் காலத்துக் கரைசலின் தம்பிதான்.

“அப்படியானால் எண்ணூரில் ஏன் அடிக்கவில்லை, வாளியில் அள்ளி நாடே சிரித்ததே” என்று கேட்பார்கள். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரு கப்பல்கள் மோதின. கொட்டியது கப்பல் இயந்திரத்துக்கான கனமான உலை எண்ணெய். வடகிழக்குப் பருவ நீரோட்டம் அதைத் தெற்கே தள்ளியது. எர்ணாவூரில் தூண்டில் வளைவுகளும் கருங்கல் தடுப்புகளும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. இந்த எண்ணெய் பிறவியிலேயே தடித்தது. அலையடியில் நீரைக் குடித்துக் குடித்து மூன்று, நான்கு மடங்கு பருமனாகும் தன்மையும் உடையது. அதன் மேல் தெளிக்கும் மருந்து உள்ளே இறங்காமல் வழிந்து நீரில் கலந்துவிடும். எண்ணெய் அப்படியே கிடக்கும், நீரில் மருந்து மட்டும் கூடும். போதாக்குறைக்கு இடுப்பளவு நீர், கற்களுக்கு இடையில் அடைபட்டது, கலந்து நீர்த்துப்போக இடமே இல்லை. அங்கே அடிப்பது தவறாகவே இருந்திருக்கும்.

கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் அங்கே திணறியதும் இதே காரணத்தால்தான். வாளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் கையை ஒருமுறை அந்தக் குழம்புக்குள் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேப்பைக் கூழைவிடக் கெட்டியாக, பிளாஸ்டிக் பையும் கயிறும் கட்டையும் கலந்து கிடந்ததை எந்தக் குழாய் இழுக்கும்? என் கோபம் வாளியின் மேல் அல்ல. கற்களுக்குள் போவதற்கு முன்பு, மிதந்துகொண்டிருந்த மணி நேரங்களில் அதைப் பிடிக்காமல் விட்டதன் மேல்தான்.

மிதக்கும்போது பிடிக்கப் பயன்படுவது பூம். மேலே மிதவை, கீழே பாவாடைபோல் தொங்கும் துணி, அடியில் கனத்துக்குச் சங்கிலி. இதைச் சுவர் என்று நினைப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. முகத்துவாரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேர்க்கோடாக இழுத்துக் கட்டிவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீரோட்டம் பூமை நேர் எதிராக ஏறத்தாழ 0.7 நாட், அதாவது நொடிக்கு 0.36 மீட்டர், வேகத்துக்கு மேல் தாக்கினால், எண்ணெய் பாவாடைக்கு அடியில் நழுவி மறுபக்கம் எழுந்துவிடும். பாவாடையை நீளமாக்கினாலும் பயன் சிறிதே. இதை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கரையில் 10 மீட்டர் அளந்து, ஒரு மட்டையை நீரில் போட்டு நேரம் பாருங்கள். 28 நொடிக்குள் அது கடந்துவிட்டால், நேராகக் கட்டிய பூம் எண்ணெயை நிறுத்தாது. பூமுக்குப் பின்னால் சுழிகளும், சிறு எண்ணெய்ப் பொட்டுகள் எழுந்து விரிவதும் தெரிந்தால், ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

என்ன செய்வது? சாய்த்துக் கட்ட வேண்டும். 60 மீட்டர் அகல முகத்துவாரம் ஒன்றில் மட்டை 13 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 1.5 நாட். அப்போது நீரோட்டத்துக்கு 28 பாகைச் சாய்வில் பூம் கிடக்க வேண்டும். 60 மீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 130 மீட்டர் பூமும், அது வளையாமல் நிற்க இடையிடையே நங்கூரங்களும் தேவை. ஓதம் திரும்பும்போது எண்ணெய் மறுபக்கமிருந்து வரும் என்பதால் இன்னொரு வரிசையும் வேண்டும். சாய்ந்த பூம் எண்ணெயை நிறுத்துவதில்லை, ஒரு கரையின் ஓரிடத்துக்கு வழி நடத்துகிறது. அந்த ஓரிடம் பாழாகும். ஆகவே உள்ளே இருக்கும் அலையாத்திகளைக் காக்க எந்த மணல் ஓரத்தை விட்டுக்கொடுப்பது என்பதை விபத்துக்கு முன்பே, அந்த ஊர் மீனவர்களோடு உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டும். லாரி வர வழியுள்ள, கெட்டி மணல் உள்ள, வலை காயப்போடாத இடமாக அது இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியபோது, கரை எது, ஆறு எது என்று தெரியாத நீரில் இந்தத் தீர்மானத்தை எடுக்க நேரமே இல்லை. அலையாத்தி வேர்களில் கறுப்பு ஏறிய பிறகு அதைச் சுரண்டப் போகிறவரின் கால்களே எண்ணெயைச் சேற்றுக்குள் மிதித்து இறக்கும். சேற்றுக்குள் போன எண்ணெய்க்குக் காற்றுப் படாது, ஆகையால் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பூம் ஒதுக்கிய எண்ணெயை எடுப்பது ஸ்கிம்மர். உருளையிலும் வட்டிலும் ஒட்டி எடுப்பவை இலேசான எண்ணெய்க்கு, தூரிகையும் பட்டையும் கொண்டவை கெட்டியானதற்கு. விளிம்பு வழியாக வழியவிட்டு எடுக்கும் வகை சிற்றலையிலும் பெருமளவு நீரையே குடிக்கும். பெட்டியில் அச்சிட்ட ‘மணிக்கு இத்தனை டன்’ என்பது சோதனைத் தொட்டியில் கிடைத்த கணக்கு. களத்தில் ஸ்கிம்மர் நிற்பது பெரும்பாலும் அது பழுதாவதால் அல்ல, எடுத்ததை ஊற்றத் தொட்டி இல்லாததால்தான். எண்ணெய் 5 டன் என்றால், நீரோடு சேர்ந்து 20 டன் வரை வைக்க இடம் பாருங்கள்.

இனி, கரையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சோப்புத்தூள், கரைசல், ‘எண்ணெய் தின்னும் பொடி’ எதையும் கொட்டாதீர்கள். கடலோரக் காவல் படையின் அனுமதியில்லாமல் டிஸ்பர்சன்ட் அடிக்கக் கூடாது என்பது விதி. மணலில் அடித்தால் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். வைக்கோலும் மரத்தூளும் ஸ்கிம்மர் இருக்கும் திசையில் வேண்டாம், அதன் வாய் அடைத்துவிடும். கறை படிந்த மணலை மண்ணள்ளும் இயந்திரத்தால் புரட்டி மூடாதீர்கள். அடுத்த பேரலை அதைத் தோண்டி வெளியே எடுக்கும். மேலோட்டமாகக் கரண்டியால் வழித்து, தார்ப்பாய் விரித்த குழியில் போட்டு மூடுங்கள்.

தன்னார்வலர்களாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெறுங்கையோடும் வெறுங்காலோடும் இறங்காதீர்கள். கனத்த ரப்பர் கையுறையும் முழங்கால் வரையுள்ள காலணியும் இல்லாதவர் வாளியை மேலே கைமாற்றும் வரிசையில் நில்லுங்கள், அதுவும் வேலைதான். தோலில் பட்டால் மண்ணெண்ணெய் கொண்டு தேய்க்கும் வழக்கத்தை விடுங்கள். அது இன்னொரு நஞ்சை உள்ளே அனுப்புகிறது. சமையல் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கடலில் கறுப்புப் படலத்தைப் பார்த்தால் முதலில் 1554 என்ற கடலோரக் காவல் படை எண்ணுக்குச் சொல்லுங்கள். இடம், நிறம், எந்தப் பக்கம் நகர்கிறது, இந்த மூன்றும் போதும். முடிந்தால் ஒரு மட்டையைப் போட்டு நேரத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். பூமை எந்தச் சாய்வில் இழுப்பது என்று நாங்கள் வண்டியில் வரும்போதே கணக்குப் போட்டுவிடலாம்.