கார்டு இல்லாதபோது ஏடிஎம்முக்கு நீங்கள் யாரென்று எப்படித் தெரிகிறது?

1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில், பார்க்ளேஸ் வங்கிக் கிளையின் சுவரில் பணம் தரும் இயந்திரம் ஒன்று திறக்கப்பட்டது. அதில் செருகுவதற்குப் பிளாஸ்டிக் கார்டு எதுவும் கிடையாது. கார்பன்-14 சேர்த்த, காசோலை போன்ற ஒரு தாளை முன்கூட்டியே வங்கியில் வாங்கி வைத்திருக்க வேண்டும். இயந்திரம் அந்தத் தாளை அடையாளம் கண்டுகொள்ளும், ரகசிய எண்ணைக் கேட்கும், 10 பவுண்டு தரும். தாளைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரு தாளுக்கு ஒரு முறைதான் பணம்.

இன்று போனை வைத்துக்கொண்டு கார்டில்லாமல் பணம் எடுக்கிறோமே, அது ஒரு விதத்தில் அந்தப் பழைய தாளுக்குத் திரும்பிப் போவதுதான். ஏன் என்று புரிய, கார்டு அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கார்டுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, விலாசம் சொல்வது. கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி கொடுத்த கார்டு என்பதைக் காட்டும். அதை வைத்துத்தான் வேறொரு வங்கியின் ஏடிஎம்கூட உங்கள் கோரிக்கையைச் சரியான இடத்துக்கு அனுப்புகிறது. இரண்டாவது, சாட்சி சொல்வது. "இது நிஜமான கார்டுதான்" என்று கார்டு நிரூபிக்க வேண்டும். காந்தப் பட்டைக்கு இந்த இரண்டாவது வேலை சரியாக வராது. அதில் இருக்கும் தகவல் என்றைக்கும் மாறாதது. ஒரு முறை படித்து எடுத்தவர் போலிக் கார்டு செய்துவிடலாம். கார்டு நுழையும் வாயில் ஒட்டுக் கருவியும், விசைப்பலகைக்கு மேலே குட்டிக் கேமராவும் வைத்துத் திருடியதெல்லாம் இப்படித்தான். சிப் வந்த பிறகு நிலைமை மாறியது. சிப்புக்குள் வெளியே வராத ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சாவியை வைத்து, அந்தப் பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுகிற ஒரு புதிய கையொப்பத்தைச் சிப் கணக்கிட்டுத் தருகிறது.

சரி, கார்டே இல்லையென்றால்? இந்த இரண்டு வேலைகளையும் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

எளிய வழி, ஒருமுறைக் குறியீடு. வங்கியின் செயலியில் தொகையைச் சொன்னால் ஓர் எண் வரும். ஏடிஎம்மில் அதை அடித்தால் பணம் வரும். இது கிட்டத்தட்ட அந்த 1967 தாளேதான்: முன்கூட்டியே வாங்கியது, தொகை நிர்ணயமானது, ஒரு முறை மட்டும் செல்லும். ஆனால் இந்த எண்ணில் விலாசம் இல்லை. நாலைந்து இலக்கத்தைப் பார்த்து, அது எந்த வங்கியுடையது என்று இன்னொரு வங்கியின் இயந்திரத்தால் சொல்ல முடியாது. இந்த வசதி பல இடங்களில் சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மட்டும் வேலை செய்வதற்கு இது முக்கியமான காரணம்.

போனை ஏடிஎம்மில் தொட்டு எடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பேன். அங்கே போனுக்குள் கார்டின் மாற்று எண்ணும் சாவியும் இருக்கின்றன. போன் ஒரு சிப் கார்டாகவே நடந்துகொள்கிறது. ரகசிய எண்ணையும் வழக்கம்போல ஏடிஎம்மின் விசைப்பலகையில்தான் அடிக்கிறீர்கள்.

உண்மையான மாற்றம் க்யூஆர் கோடு முறையில் நடக்கிறது. இங்கே திசையே தலைகீழ். கார்டு முறையில் நீங்கள் யாரென்று இயந்திரத்துக்குச் சொல்கிறீர்கள். க்யூஆர் முறையில், தான் யாரென்று இயந்திரம் உங்களுக்குச் சொல்கிறது. திரையில் தொகையாக 3,000 என்று தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இந்த இயந்திரம், இந்தப் பரிவர்த்தனை எண், 3,000" என்ற தகவலை அந்த நேரத்துக்கென்றே செய்த ஒரு கோடாக அது காட்டும். போன் அதைப் படிக்கும். ரகசிய எண்ணைப் போனில் அடிக்கிறீர்கள். போன் தன்னுடைய இணைய இணைப்பு வழியாக உங்கள் வங்கியிடம் பேசுகிறது. வங்கி கணக்கில் கழித்துவிட்டு, அந்த ஏடிஎம்மை நடத்துபவரின் சர்வருக்கு "கொடுக்கலாம்" என்று சொல்கிறது. அப்புறம்தான் நோட்டு எண்ணும் சத்தம் கேட்கும். உங்கள் ரகசிய எண் இயந்திரத்தைத் தொடவே இல்லை. ஒட்டுக் கருவி வைத்தவருக்கு இங்கே படிக்க ஒன்றும் கிடையாது. யாராவது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொண்டாலும், அந்தப் போன் கையில் இல்லாமல் அதனால் பெரிய பயன் இல்லை.

ஆனால் ஒரு வழி இருந்த இடத்தில் இப்போது இரண்டு வழிகள். அங்கேதான் சிக்கல். எனக்கே ஒரு முறை நடந்தது. கண்ணாடி அறைக்குள் போனுக்குச் சிக்னல் ஒரு கோடுதான். ஏடிஎம் திரையில் க்யூஆர் கோடுக்குப் பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. எண்ணை அடித்ததும் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "வெற்றி" என்று போன் காட்டிய நேரத்தில், ஏடிஎம் திரையில் "நேரம் முடிந்தது" என்று வந்து முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கையில் ஒன்றுமில்லை.

இரண்டு திரைகளுமே பொய் சொல்லவில்லை. வங்கியின் அனுமதி தாமதமாக வந்தது. அதற்குள் இயந்திரம் காத்திருப்பதை நிறுத்திவிட்டது. கார்டிலும் இப்படி நடப்பதுண்டு. ஆனால் அங்கே கேள்வி போன வழியிலேயே பதிலும் வருவதால், பதில் வராவிட்டால் ரத்துச் செய்தியை இயந்திரத்தின் பக்கத்திலிருந்தே அனுப்பிவிடலாம். இங்கே கழித்தது ஒரு பக்கம், கொடுக்காமல் விட்டது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பணம் திரும்பும். எனக்கு மறுநாள் வந்தது. எத்தனை நோட்டு எடுத்தது, வாசலில் நீட்டியதா, யாராவது எடுத்தார்களா என்பதையெல்லாம் இயந்திரம் தன் பதிவேட்டில் எழுதி வைக்கும். பெட்டியில் மிஞ்சும் நோட்டுகளின் எண்ணிக்கையும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் புகார் செய்யும்போது பரிவர்த்தனை எண்ணும் நேரமும் கையில் இருந்தால் போதும், தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒன்று, பதற்றத்தில் உடனே இன்னொரு முறை எடுப்பது. முதல் முறை என்ன ஆனது என்று கணக்கில் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

மோசடியும் வழி மாறியிருக்கிறது. கார்டில் திருடர் உங்கள் தகவலை எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போக வேண்டும். க்யூஆரில் அவர் ஏடிஎம் முன்னால் நின்றுகொண்டு, திரையில் வந்த கோடைப் படமெடுத்து, "இதை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்" என்று தூரத்திலிருக்கும் ஒருவருக்கு அனுப்பப் பார்ப்பார். கோடு சில நொடிகளிலேயே காலாவதியாவது இதைக் கஷ்டமாக்குகிறது. ஆனால் பேச்சில் மயக்கி போனைக் கையில் தயாராக வைத்திருக்கச் செய்துவிட்டால் அந்த நொடிகளும் போதும். ஒருமுறைக் குறியீட்டில் ஆபத்து இன்னும் நேரடியானது. செயலியின் கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டவர் தானே குறியீட்டை உருவாக்கிக்கொள்ளலாம், கார்டு உங்கள் பையிலேயே பத்திரமாக இருக்கும்போது. அதனால்தான் புதிய போனில் செயலியைப் போட்டதும் சில வங்கிகள் கொஞ்ச நேரத்துக்குப் பணம் எடுப்பதைத் தடுத்தோ, உச்சவரம்பைக் குறைத்தோ வைக்கின்றன. உங்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம். உங்கள் பெயரில் வேறொரு போனில் நுழைந்தவருக்கும் அதே தடைதான் குறுக்கே நிற்கிறது.