காபி மூட்டைமேல் பெய்த மழை எங்கிருந்து வந்தது?

வியட்நாமில் ஏற்றிய காபிக்கொட்டை ஜனவரிக் குளிரில் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சீல் உடையவில்லை, கூரையில் ஓட்டையும் இல்லை. ஆனால் மேலடுக்குச் சாக்குகள் நனைந்து பூஞ்சை பிடித்திருக்கின்றன. இதற்குப் பெயர் கன்டெய்னர் மழை.

கதவை மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக் காற்றுதான் காரணம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த வாதம் நிற்காது. 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில், 70 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 21 கிராம் நீராவி இருக்கும். சரக்கே இல்லாமல் முழுக்கக் காற்றாக இருந்தாலும் மொத்தம் 700 கிராம்தான். காபியோ 19 டன். அதில் 12 சதவீதம் ஈரம் என்றால் ஏறக்குறைய 2,300 லிட்டர் தண்ணீர். அதுவும் நன்றாகக் காய்ந்த கொட்டையில்!

மேலே சொன்ன காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. கப்பல் குளிர்ப் பகுதிக்குள் நுழைந்ததும் இரும்புக் கூரை சட்டென்று அதற்குக் கீழே குளிர்ந்துவிடும். நடுவில் இருக்கும் மூட்டைகள் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. இட்லிப் பானை மூடியில் போலக் கூரையின் அடிப்பக்கம் துளி கட்டும். காற்றில் குறைந்த ஈரத்தைக் காபி மறுபடி நிரப்பும். கூரை அதையும் பிடித்துத் துளியாக்கிச் சொட்டவிடும்.

இங்கேதான் ஈர உறிஞ்சி வருகிறது. செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஈரம் பிடிக்கும். கன்டெய்னரில் பெரும்பாலும் பையில் போட்டுத் தொங்கவிடுவது கால்சியம் குளோரைடு. ஈரம் மிகுந்த காற்றில் அது தன் எடையைப் போல இரு மடங்குகூடக் குடிக்கும். குடித்த நீரில் தானே கரைந்துவிடும் என்பதால், வழியாமல் இருக்க ஸ்டார்ச் கலந்து கூழாக்குகிறார்கள்.

சரி, 15 கிலோ தொங்கவிட்டால்? அதிகபட்சம் 30 லிட்டர். 2,300 லிட்டருக்கு முன்னால் அது எம்மாத்திரம்! காபியைக் காயவைப்பது அதன் வேலையே இல்லை. கூரைக்குப் போகும் நீராவியை வழியில் மடக்குவதுதான் வேலை. கொட்டை 14 சதவீத ஈரத்தோடு வந்தாலோ, கழுவிய பலகைத் தரை காய்வதற்குள் மூட்டையை அடுக்கினாலோ, பை பாதிக் கடலிலேயே நிரம்பிவிடும். என்னைக் கேட்டால், பைக்குச் செலவழிப்பதற்கு முன் ஈரமானியைத் தரையில் ஒரு தடவை குத்திப் பார்ப்பது மேல். மேலடுக்கின் மீது தடித்த பழுப்புத் தாளை விரிப்பதும் உதவும். சொட்டும் நீரை அது வாங்கிக்கொள்ளும்.

சேதம் நடந்தபின் அதை ஆய்வு செய்ய வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது, உள்ளே வந்தது கடல்நீரா என்பதை. கறைமேல் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவார். பால்போல் வெளுத்தால் குளோரைடு இருக்கிறது, கடல்நீராக இருக்கலாம். வெளுக்காவிட்டால் கூரைத் துளியின் மேல்தான் சந்தேகம். ஆனால் கிழிந்த உறிஞ்சிப் பையிலிருந்து ஒழுகியதும் குளோரைடுதானே, அதுவும் அப்படியே வெளுக்கும். அதனால் பைகள் எங்கே தொங்கின, கறை அவற்றுக்கு நேர் கீழே இருக்கிறதா அல்லது கூரை மடிப்புகளின் வரிசையில் ஓடுகிறதா என்பதையும் பார்த்துத்தான் அவர் அறிக்கை எழுத வேண்டும்.